மூவாயிரம் பைகளுக்கு ஒரு மெசின்



சென்ற மாதம் அஜ்மானில் இருந்து ஓர் அக்கா எமக்குத் தொலைபேசி எடுத்தார். வன்னியில் எமது பக்கத்து ஊர். நாம் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் என்பதும், சார்ஜா கைத்தொழிற் பேட்டையில் பொதிப் பைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அச்சு மெசினில் நிற்பவர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் எடுத்தார்.

"தம்பி, மூவாயிரம் பை கேட்டன். நாற்பதாயிரம் எடுத்தால்தான் தருவம் எண்டு சொல்லுறாங்கள். கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ எண்டு கெஞ்சியும் பாத்தன். பிறகு மெசேஜுக்குப் பதிலே இல்லை. நாங்கள் சின்ன ஆக்கள் எண்டு நினைக்கிறாங்கள் போல."

அக்காவின் குடும்பம் மிளகாய்த்தூள், வறுத்த சரக்குத்தூள், மல்லித்தூள் என்று மூன்று வகை விற்கத் தொடங்குகிறது. அத்தானின் பெயர் சேர்ந்த வியாபார லைசென்ஸ் இருக்கிறது. அரைப்பதும் பொதி செய்வதும் அனுமதி பெற்ற ஒரு மில்லில். கையில் இருப்பது சீட்டு எடுத்த 6,000 டிர்ஹாம். அதற்குள் மிளகாயும் வாங்க வேண்டும், அரைகூலியும் கொடுக்க வேண்டும், பையும் எடுக்க வேண்டும். நாற்பதாயிரம் பை எடுத்தால் காசு முழுவதும் பையிலேயே போய்விடும். பைக்குள் போடத் தூள் இராது!

ஆகக் குறைந்த ஓடர் அளவு என்பதை இங்கே எல்லோரும் 'எம்.ஓ.கியூ.' என்று மூன்று எழுத்தில் சொல்லிவிடுவார்கள். எம்மவர்கள் பலர் அதை ஒரு திமிர் என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள், அல்லது கெஞ்சுகிறார்கள். இரண்டிலும் பலன் குறைவு. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எதைக் குறைக்கக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்று விளங்கும். ஆகவே இம்முறை மெசின் பக்கத்தில் இருந்து எழுதுகிறோம்.

அக்கா கேட்டது 250 கிராம் தூள் பிடிக்கும், அடி விரிந்து தானாக நிற்கும் பை. அகலம் 140 மில்லிமீற்றர், உயரம் 210. முன்பக்கம், பின்பக்கம், அடியில் மடிப்பு எல்லாம் சேர்த்து விரித்தால் ஒரு பைக்கு 500 மில்லிமீற்றர் நீளத் தாள் போகும். இது ஒற்றைத் தாள் அல்ல. வெளியே அச்சடிக்கும் 12 மைக்கிரோன் பொலியெஸ்ரர், நடுவில் வெள்ளிபோல் மினுங்கும் இன்னொரு 12 மைக்கிரோன் தாள், உள்ளே சூட்டில் ஒட்டும் 70 மைக்கிரோன் பொலித்தீன். மூன்றையும் பசை போட்டு ஒட்டி வரும்போது ஒரு பை ஏறத்தாழ 7.3 கிராம் நிறுக்கும். ஒரு கிலோ தாளில் 137 பை அளவில் வரும்.

அந்தத் தொழிற்சாலை சொன்னது உண்மையில் 'நாற்பதாயிரம் பை' அல்ல. '300 கிலோ' என்று சொல்லியிருக்கிறார்கள். விற்பனைப் பகுதிப் பெடியன் அதைப் பையாகப் பெருக்கிச் சொல்லியிருக்கிறான். 300 கிலோ என்றால் 41,000 பை. அக்காவின் மூவாயிரம் பை வெறும் 22 கிலோ.

இனி மெசினுக்கு வருவோம். பெரிய தொழிற்சாலைகளில் இருப்பது கிறாவூர் என்ற அச்சு மெசின். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருக்குச் சிலிண்டர், அதன் மேல் செம்பு பூசி, படத்தைச் சிறு சிறு குழிகளாகச் செதுக்கியிருப்பார்கள். ஆறு நிறம் என்றால் ஆறு சிலிண்டர். எமது மெசினில் ஒரு மீற்றர் அகலத் தாள் ஓடும், அதாவது அக்காவின் பை இரண்டு வரிசையாக வரும். மூவாயிரம் பை என்றால் வரிசைக்கு 1,500. பை ஒன்று தாளின் நீளத்தில் 140 மில்லிமீற்றர். பெருக்கிப் பாருங்கள், 210 மீற்றர்.

நிமிடத்துக்கு 150 மீற்றர் ஓடும் மெசினில் 210 மீற்றர் ஒன்றரை நிமிட வேலை. ஆனால் அதற்கு முன் ஆறு சிலிண்டரையும் மாற்றி, மை ஊற்றி, பதம் பார்த்து, ஒரு நிறம் மற்ற நிறத்தின் மேல் சரியாக விழும்வரை நாம் இரண்டு மணித்தியாலம் நிற்போம். நிறம் பொருந்தும்வரை தாள் ஓடிக்கொண்டே இருக்கும், அது குப்பை. எமது அனுபவத்தில் 300 முதல் 500 மீற்றர் அப்படிப் போகும். நல்ல சரக்கு 210 மீற்றர், கழிவு 400 மீற்றர்! இதற்குப் பிறகு ஒட்டும் மெசினில் கொஞ்சம், வெட்டும் மெசினில் கொஞ்சம், பை செய்யும் மெசினில் சூடு பிடிக்கும்வரை சில நூறு பைகள் என்று மேலும் போகும்.

இந்த மெசினில் மூவாயிரம் பை கேட்டு எவ்வளவு கெஞ்சினாலும், முதலாளி எமது சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் நடக்காது. சிலிண்டர் ஒன்று 500 டிர்ஹாம் என்று வைத்தால்கூட ஆறுக்கு 3,000 போய்விடும். அக்காவைச் சின்ன ஆள் என்று எவரும் நினைக்கவில்லை, அவர் தட்டியது அவருக்கான கதவு அல்ல. அவ்வளவுதான்.

ஆகவே முதற் கேள்வி, 'இந்த எண் எதனால் வருகிறது?' என்பது. இதை விற்பனையாளரிடம் மரியாதையாகக் கேட்கலாம், பெரும்பாலும் சொல்வார்கள். மெசின் காரணம் என்றால் நாம் மேலே சொன்ன கதை. வேறு மெசின் உள்ள இடம் தேட வேண்டும். தாள் காரணம் என்றால், அதாவது அந்தத் தாளை அவர்களே முழு றோலாகத்தான் வாங்க முடியும் என்றால், 'உங்களிடம் ஏற்கனவே உள்ள தாளில் செய்து தாருங்கள்' என்று கேட்டால் எண் இறங்கும். சில இடங்களில் காரணம் வெறும் பெட்டிக் கணக்கு. டுபாயில் 2004 இல் திறந்த டிராகன் மார்ட்டிலோ, டேராவின் மொத்தக் கடைகளிலோ விற்பவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள், தொழிற்சாலைக்காரர் அல்லர். அச்சில்லாத வெறும் பையை அங்கே வாங்கினால் குறைந்த அளவு ஒரு பெட்டி, அவ்வளவே. பெட்டியை உடைத்துத் தருவாரா என்பது அந்தக் கடைக்காரரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

அக்காவுக்கு நாம் முதலில் சொன்ன யோசனையும் அந்த வெறும் பைதான். வெள்ளி நிறப் பையை வாங்கி, லேபல் அடித்து ஒட்டுவது. நாம் விசாரித்தபோது பை 35 சதம், முன்னும் பின்னும் லேபல் 25 சதம், ஆக 60 சதம் வந்தது. (இங்கே 'பில்ஸ்' என்பார்கள், எமக்கு வாயில் சதம்தான் வருகிறது.) மூவாயிரத்துக்கு 1,800 டிர்ஹாம். ஐந்நூறு பையோடும் தொடங்கலாம். சோதனை ஓடருக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை என்பது இன்றும் எமது அபிப்பிராயம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், தூள் போட்ட பிறகு லேபல் ஒட்டாதீர்கள். மிளகாய்த்தூள் படிந்த பையில் பசை பிடிக்காது. கோடையில் களஞ்சிய அறைச் சூட்டில் ஓரம் மேலே சுருளும். வெறும் பையில் துடைத்து ஒட்டிவிட்டு மில்லுக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் அக்கா ஏற்கனவே முந்நூறு பை அப்படிச் செய்து பார்த்துவிட்டார். ஒட்டியது தூள் போட்ட பிறகு! கடைக்காரர் இருவர், "வீட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்று பின் தட்டில் வைத்துவிட்டார்களாம். அச்சடித்த பைதான் வேண்டும் என்று நின்றார். அவருடைய காசு, அவருடைய கடை. நாம் மேலே பேசவில்லை.

எமது பகுதிச் சுப்பவைசர் மலையாளி, இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். தேநீர் நேரத்தில் அவரிடம் கேட்டோம். "இவ்வளவு சின்ன ஓடருக்கு இங்கே வராதே. ஃபிளெக்ஸோ வைத்திருக்கும் சின்ன இடம் பார்" என்றார். ஃபிளெக்ஸோ என்பது றப்பர் போன்ற தகட்டில் அச்சடிக்கும் முறை. தகடு சிலிண்டரைவிட மலிவு, மெசின் ஒடுக்கமானது, கழிவும் குறைவு. தகடே இல்லாமல் கணினியில் இருந்து நேரே அச்சடிக்கும் டிஜிற்றல் மெசினும் இருக்கிறது. அதில் சில நூறு பைகூட அடிக்கலாம், ஆனால் பை ஒன்றின் விலை கூடும். அளவு கூடினாலும் அவ்வளவாக இறங்காது.

அக்கா ஃபிளெக்ஸோ வைத்திருக்கும் ஓரிடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே குறைந்தது 5,000. இந்த முறை உடனே 'குறையுங்கோ' என்று கேட்க வேண்டாம் என்று தடுத்தோம். இரண்டு அளவுக்கு விலை கேளுங்கள் என்றோம். அதே தாள், அதே நிறம், அதே அளவுப் பை, தகட்டுச் செலவும் உள்ளடக்கி, 5,000 க்கு என்ன விலை, 10,000 க்கு என்ன விலை? பதில் வந்தது. 5,000 எடுத்தால் பை ஒன்று 90 சதம், 10,000 எடுத்தால் 65 சதம்.

இந்த இரண்டு எண்ணுக்குள்தான் முழு இரகசியமும் இருக்கிறது. ஒரு கடதாசியை எடுத்துக்கொண்டு எம்மோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். ஐயாயிரம் பைக்கு மொத்தம் 4,500 டிர்ஹாம். பத்தாயிரத்துக்கு 6,500. ஆக, பின்னால் வந்த ஐயாயிரம் பைக்கு அவர்கள் கூட்டிக் கேட்டது 2,000 மட்டும். அதாவது மெசின் ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு பை 40 சதம்தான். அப்படியானால் முதல் ஐயாயிரத்துக்கும் பைக்காசு 2,000. மிச்சம் 2,500 எங்கே போகிறது? அதுதான் தகடு, மெசின் பூட்டுக்கூலி, கழிவுத்தாள். பை ஒன்றடித்தாலும் ஒரு இலட்சம் அடித்தாலும் மாறாத செலவு.

இப்போது மூவாயிரம் பைக்கு நாமே விலை போடலாம். மாறாத செலவு 2,500, பைக்காசு 1,200, மொத்தம் 3,700. பை ஒன்றுக்கு ஒரு டிர்ஹாம் 23 சதம் வரும். விலை கூடத்தான், ஆனால் தொழிற்சாலைக்கு ஒரு சதமும் நட்டமில்லை. நட்டமில்லாத ஒன்றைக் கேட்பதும் தயவு கேட்பதும் வேறு வேறு. (இரண்டு விலையும் ஒரே தாளுக்கு, ஒரே நிபந்தனைக்கு வந்திருந்தால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும். விற்பனையாளர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனாலும் பேச்சைத் தொடங்க இது போதும்.)

அடுத்ததாக, அந்த 2,500 ஐக் குறைக்க எம்மால் என்ன செய்ய முடியும் என்று பார்த்தோம். இங்கேதான் அக்கா பெரிய பிழை ஒன்று விட்டிருந்தார். மூவாயிரம் என்று அவர் சொன்னது மிளகாய்த்தூளுக்கு ஆயிரம், சரக்குத்தூளுக்கு ஆயிரம், மல்லித்தூளுக்கு ஆயிரம், மூன்று வேறு படங்கள். தொழிற்சாலைக்கு அது மூவாயிரம் அல்ல, மூன்று தரம் ஆயிரம். தகடும் மூன்று செற், பூட்டுக்கூலியும் மூன்று தரம். குறைந்த அளவு எப்போதும் ஒரு படத்துக்குத்தான் சொல்வார்கள், எல்லாப் படத்துக்கும் சேர்த்து அல்ல. இது தெரியாமல் பலர் கொட்டேசன் வந்த பிறகு சண்டை பிடிக்கிறார்கள்.

நாம் சொன்னது இதுதான். மூன்றுக்கும் ஒரே பை. பெயர், சின்னம், விலாசம், பொதுவான பூவேலை எல்லாம் அச்சில். முன்பக்கம் ஒரு கைக்குட்டை மடிப்பு அளவு வெற்றிடம், அதில் 'மிளகாய்த்தூள்' என்றோ 'மல்லித்தூள்' என்றோ சிறு லேபல். பின்பக்கம் சேர்மானங்கள், எடை, அரபு எழுத்துகள் எல்லாம் ஒரு லேபலில். உணவுப் பொருளில் அரபு மொழி இங்கே கட்டாயம், உற்பத்தித் திகதியும் முடிவுத் திகதியும் வேண்டும். முதல் தடவையில் அந்த வாசகங்களில் ஏதாவது பிழை வந்தால் லேபலை மாற்றலாம். அச்சடித்த பையை மாற்ற முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் ஓடரில் சட்ட வாசகங்களைப் பையில் அடிக்க வேண்டாம் என்போம்.

நான்கு நிறத்தை இரண்டாக்கினோம். தகடு ஒன்று 300 டிர்ஹாம் என்று அவர்கள் தனியாகக் காட்டியிருந்தார்கள். இரண்டு தகடு குறைந்தால் 600 குறையும். வெள்ளித் தாளில் சிவப்பும் கறுப்பும் நன்றாகத்தான் இருந்தன. உண்மையைச் சொன்னால் முந்திய நான்கு நிறப் படத்தைவிட எமக்கு இதுதான் பிடித்தது.

இப்போது மாறாத செலவு 1,900, பைக்காசு 1,200, மொத்தம் 3,100. பை ஒன்று ஒரு டிர்ஹாம் மூன்று சதம்.

இனிமேல்தான் கடிதம். முதல் தடவை அக்கா அனுப்பியது, "எங்களுக்குச் சின்ன ஓடர் வேணும், குறைச்சுத் தாங்கோ, அடுத்த முறை பெரிசா எடுப்பம்" என்பது. அடுத்த முறை பெரிதாக எடுப்போம் என்று சொல்லாத ஆள் இந்த வளைகுடாவிலேயே இல்லை. விற்பனைப் பகுதியில் இருப்பவர்கள் அதைச் சிரித்துக்கொண்டு படிப்பதை நாம் கண்டிருக்கிறோம். இந்த முறை அத்தானும் நாமும் இருந்து எழுதினோம். அனுப்பியது ஆங்கிலத்தில், பொருள் இதுதான்:

"உங்கள் குறைந்த அளவு 5,000 என்று அறிவோம். எங்களுக்கு முதல் தடவை 3,000 பை வேண்டும். ஒரே படம், இரண்டு நிறம், உங்களிடம் வழமையாக இருக்கும் வெள்ளித் தாள். அளவு 140 க்கு 210, உள்ளே 250 கிராம் மிளகாய்த்தூள். தகடும் மெசின் பூட்டுக்கூலியும் கழிவும் எங்கள் பொறுப்பு, அதற்காக 1,900 டிர்ஹாமும், அதற்கு மேல் பை ஒன்றுக்கு 40 சதமும் தரலாம். அதே தாளில் வேறு ஓடர் ஓடும் நாளில் அதன் பின்னால் எங்களுடையதை ஓட்டலாம், ஆறு கிழமை வரை பொறுப்போம். எண்ணிக்கை பத்து வீதம் கூடினாலும் குறைந்தாலும் ஏற்போம், வந்த எண்ணிக்கைக்குக் காசு. தகடு எங்களுக்குச் சொந்தம், உங்களிடம் இருக்கட்டும். இந்த மூவாயிரம் நான்கு மாதத்தில் விற்றால் அடுத்தது 10,000 கேட்போம், விற்காவிட்டால் கேட்க மாட்டோம். லைசென்ஸ் பிரதி இத்துடன் உள்ளது."

வாசகர்கள் கவனிக்க வேண்டியது பொறுப்போம் என்ற அந்த ஒரு வரியை. தொழிற்சாலைக்கு அது காசுக்குச் சமம். ஒரே தாள் ஓடி முடிந்த கையோடு இன்னொரு சிறு ஓடரை ஓட்டினால் தாள் மாற்றும் வேலையும் கழிவும் மிச்சம். அதைவிட நேரம் முக்கியம். நோன்புக்கு முந்திய இரண்டு மாதம் பொதித் தொழிற்சாலைகளில் தலை தெறிக்கும், பேரீச்சம்பழம், இனிப்பு, பானம் என்று எல்லாரும் ஓடர் போடுவார்கள். நோன்பு மாதத்தில் வேலை நேரம் சட்டப்படி இரண்டு மணித்தியாலம் குறையும். அந்தக் காலத்தில் மூவாயிரம் பையோடு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். பெருநாள் முடிந்து மெசின் சும்மா நிற்கும் கிழமையில் அதே ஆள் கதிரை போட்டு உட்கார வைப்பார்.

பதில் இரண்டு நாளில் வந்தது. விற்பனையாளர், "எனக்கு இதைத் தீர்மானிக்க முடியாது, முகாமையாளருக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று எழுதினார். இதுவும் அறிய வேண்டியது. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க விற்பனையாளரால் முடியும், குறைந்த அளவை உடைக்கப் பெரும்பாலும் முடியாது. மேலே அனுப்பக்கூடிய மாதிரி ஒரு கடிதம் அவர் கையில் இருந்தால்தான் அனுப்புவார். தொலைபேசியில் சொன்னதை எவரும் மேலே அனுப்புவதில்லை. மூன்றாம் நாள் முகாமையாளர் ஒத்துக்கொண்டார். முழுக்காசும் முன்னுக்குக் கட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். பின்திகதிக் காசோலையும் வேண்டாமாம். அக்கா பாதியை முன்னுக்கும் மீதியைப் பை எடுக்கும்போதும் தருவதாகக் கேட்டு, கடைசியில் எழுபது வீதம் முன்பணம், முப்பது வீதம் பை எண்ணிய பிறகு என்று முடிந்தது. அந்த முப்பது வீதத்தை விடாமல் பிடித்தது நல்லது. ஏன் என்று சொல்கிறோம்.

எமது உறவினர் ஒருவர் முன்பு வேறோர் இடத்தில் சோதனைக்கு 2,000 பை எடுத்தார். பை அருமை. அந்த நம்பிக்கையில் அடுத்து 20,000 எடுத்தார், முழுக்காசும் முன்பணம். வந்த பைகள் மேசையில் நிற்காமல் சரிந்தன, அடி ஒட்டிலிருந்து தூள் கசிந்தது. நடந்தது என்னவென்றால், சோதனை ஓடரை யாரோ பெரிய வாடிக்கையாளருக்கு அடித்து மிஞ்சிய தடித்த தாளில் செய்திருக்கிறார்கள். சிறு ஓடரை மிஞ்சிய தாளில் செய்வது வழமை. அதில் தப்பில்லை, எமக்கு அது வசதியும்கூட. ஆனால் அடுத்த ஓடர் எந்தத் தாளில் என்று எழுத்தில் வாங்கவில்லை. சோதனை ஓடரின் பயனே அங்கே போய்விட்டது, ஏனெனில் சோதித்தது வேறு பை, வாங்கியது வேறு பை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பத்துப் பையை ஒன்றாக வைத்து, கிராம் காட்டும் சமையலறைத் தராசில் நிறுங்கள். மேலே சொன்ன அளவில், மேலே சொன்ன தாளில் பத்துப் பை 73 கிராம் வர வேண்டும். உள் பொலித்தீன் 70 மைக்கிரோனுக்குப் பதில் 50 என்றால் 60 கிராம் அளவில்தான் வரும். உறவினரின் இரண்டாவது பை அப்படித்தான் நிறுத்தது. பிறகு ஒரு பையில் தூள் போட்டு ஒட்டி, தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழ் வந்தால் ஒட்டுச் சரியில்லை. வெறும் பையை ஓர் இரவு மூடி வைத்துக் காலையில் திறந்து மணந்து பாருங்கள், பெயின்ற் மணம் அடித்தால் மை சரியாக உலரவில்லை, அதற்குள் உணவு போடக்கூடாது. சோதனைப் பையில் ஐந்தை எடுத்து, இருபகுதியும் கையெழுத்துப் போட்டு, ஒன்றிரண்டை அவர்களிடமும் மற்றதை வீட்டிலும் வையுங்கள். கொட்டேசனில் தாளின் பெயரும் மைக்கிரோனும் எழுதியிருக்க வேண்டும்.

அக்காவின் பைகள் பெருநாள் முடிந்து மூன்றாம் கிழமை வந்தன. எண்ணிப் பார்த்தபோது 2,840. மூவாயிரத்துக்கு 160 குறைவு, பேசிய பத்து வீதத்துக்குள் வருகிறது. பத்துப் பை 74 கிராம். குமிழ் இல்லை, மணம் இல்லை. மாறாத செலவு 1,900, பைக்காசு 1,136, ஆக 3,036. அதற்கு மேல் 2018 ஜனவரியில் இருந்து இந்நாட்டில் உள்ள 5 வீத வற் வரி 151 டிர்ஹாம் 80 சதம். மொத்தம் 3,187 டிர்ஹாம் 80 சதம். வரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று முதலே கேட்டிருக்க வேண்டும், நாம் மறந்துவிட்டோம். முன்பணம் போக மீதியைக் கட்டும்போது அத்தான் சட்டைப்பையைத் தடவ வேண்டியதாயிற்று.

லேபல்களை அக்காவும் பிள்ளைகளும் வெறும் பையிலேயே துடைத்து ஒட்டினார்கள். மிளகாய்த்தூள்தான் கூட ஓடுகிறது, மல்லித்தூள் அசையவில்லை. ஒரே பை என்றபடியால் மல்லிக்கு ஒதுக்கிய பைகளில் மிளகாய் லேபலை ஒட்டிவிட்டார். மூன்று படமாக அடித்திருந்தால் அந்த மல்லிப் பைகள் இன்று கட்டிலுக்குக் கீழே கிடக்கும்.

சென்ற கிழமை அக்கா அடுத்த ஓடருக்கு விலை கேட்டு எழுதினார். நாம் எழுதச் சொன்னது ஒரு வரிதான்: "தகடு உங்களிடம் இருக்கிறது, அதே தாள், கையெழுத்திட்ட மாதிரியின்படி, 5,000 க்கும் 10,000 க்கும் விலை சொல்லுங்கள்." தகட்டுக்காசு இனி இல்லை என்பதால் 1,900 இலிருந்து அந்த 600 போக வேண்டும். ஆகவே 5,000 க்கு 3,300 க்கு மேல் கேட்டால் ஏன் என்று கேட்கச் சொல்லியிருக்கிறோம். கொட்டேசன் இன்னும் வரவில்லை.